வாங்கி வர ஒரு கடிதம், கையெழுத்துப் போட இன்னொன்று

மணலியில் இரண்டு பங்குதாரர்கள் நடத்தும் ஒரு சின்ன லேத் பட்டறை. வெளிநாட்டிலிருந்து வாங்கிய இயந்திர உதிரிபாகம் கப்பலில் வந்துவிட்டது. கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் டெலிவரி ஆர்டரை வாங்கி வர ஊழியரை அனுப்பணும்னு வைத்துக்கொள்வோம். அந்தத் தாள் இல்லாமல் சரக்கு வெளியே வராது. அதனால்தான் கவுண்டரில் முதல் கேள்வியே, "அத்தாரிட்டி லெட்டர் கொண்டு வந்திருக்கீங்களா?"

அவசரத்தில் பலர் எழுதுவது இதுதான்: "இவர் எங்கள் சார்பாக எல்லா வேலைகளையும் செய்ய அதிகாரம் பெற்றவர்." இந்த 'எல்லா'தான் வம்பு. தாமதக் கட்டணம் சரிதான் என்று ஒரு தாளை நீட்டினால், ஊழியர் அதிலும் கையெழுத்துப் போட்டுவிடலாம். கொடுத்த அதிகாரத்துக்கு உட்பட்டு அவர் செய்தது நீங்களே செய்ததற்குச் சமம் என்கிறது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 226-வது பிரிவு. பிறகு "எனக்குத் தெரியாது"ன்னு சொல்லித் தப்புவது கஷ்டம்.

எனவே இப்படி எழுதுங்கள்:

"எங்கள் ஊழியர் திரு. ____ (அடையாள அட்டை எண் ____), பில் ஆஃப் லேடிங் எண் ____-க்கான டெலிவரி ஆர்டரைப் பெறவும், பெற்றதற்கு ஒப்புகைக் கையெழுத்திடவும் மட்டும் அதிகாரம் அளிக்கிறோம். கட்டணம், நிபந்தனை எதையும் ஏற்றுக் கையெழுத்திட இவருக்கு அதிகாரம் இல்லை. இக்கடிதம் ____ தேதி வரை செல்லும். இவருடைய மாதிரிக் கையொப்பம் கீழே உள்ளது. அதை நான் சான்றளிக்கிறேன்."

இதை லெட்டர்ஹெட்டில் அடித்து, பங்குதாரர் கையெழுத்தும் முத்திரையும் வையுங்கள். மாதிரிக் கையொப்பத்தை விட்டுவிடாதீங்க; வந்திருப்பவர் அவர்தானா என்று கவுண்டரில் ஒப்பிடுவது அதைத்தான். ஆதார் நகல் கேட்டால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் போனிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

ஒப்பந்தம், உறுதிமொழி போன்றவற்றில் நிறுவனத்துக்காகக் கையெழுத்துப் போடுவது வேற விஷயம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் மேலாளர் கொடுக்கும் கடிதம் போதாமல் போகலாம். யார் எதில் கையெழுத்திடலாம் என்று இயக்குநர் குழு நிறைவேற்றிய தீர்மானத்தின் நகலைக் கேட்பார்கள்.

அந்த ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டால்? கடிதத்தைத் திரும்ப வாங்கினால் மட்டும் போதாது, ஜெராக்ஸ் அவர் கையில் இருக்கலாம். அதே சட்டத்தின் 208-வது பிரிவுப்படி, அதிகாரம் முடிந்தது எதிர்த்தரப்புக்குத் தெரியும் வரை அவர்களைப் பொறுத்தவரை அது செல்லும். கடிதம் கொடுத்த ஒவ்வொரு அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

இந்தக் கடிதம் எடுபடாத இடம் சார்பதிவாளர் அலுவலகம். நீங்கள் கையெழுத்திட்ட பத்திரத்தை உங்களுக்காக இன்னொருவர் பதிவுக்குத் தாக்கல் செய்ய, லெட்டர்ஹெட் கடிதம் செல்லாது. 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 33-வது பிரிவுப்படி, நீங்கள் வசிக்கும் பகுதிப் பதிவு அலுவலர் முன் எழுதிக்கொடுத்து, அவர் உறுதிசெய்த பவர் பத்திரம் வேண்டும்.