பால் பண்ணையில் கூட்டுச் செலவைப் பகிர்தல்: விற்பனை மதிப்பு முறை

பாலைப் பாலேடு பிரிக்கும் இயந்திரத்தில் செலுத்தினால், ஒரு குழாயில் பாலேடும் மற்றொரு குழாயில் கொழுப்பு நீக்கிய பாலும் வெளிவருகின்றன. ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் பெற இயலாது. இவை தனித்தனியே பிரியும் கட்டம் பிரிநிலை எனப்படும். அதுவரை ஆகும் செலவு முழுவதும் கூட்டுச் செலவாகும். பின்னர்ப் பாலேட்டைக் கடைந்தால் வெண்ணெயும், அதனுடன் மோரும் கிடைக்கின்றன. இங்கு வெண்ணெயும் கொழுப்பு நீக்கிய பாலும் முதன்மைப் பொருள்கள். மோரின் மதிப்பு மிகக் குறைவு. அதற்காக எவரும் ஆலை நடத்துவதில்லை. எனவே அது துணைப்பொருள்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். விலைகள் கணக்கிடும் வசதிக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. ஓர் ஆலை 4% கொழுப்புள்ள 1,000 கிலோ பாலை ரூ.36,000க்கு வாங்குகிறது. குளிரூட்டல், சூடாக்கல், பிரித்தல் ஆகியவற்றுக்கு ரூ.2,000 ஆகிறது. ஆகவே கூட்டுச் செலவு ரூ.38,000. பிரிநிலையில் ஏறத்தாழ 40% கொழுப்புள்ள பாலேடு 100 கிலோவும், கொழுப்பு நீக்கிய பால் 900 கிலோவும் கிடைக்கின்றன. கொழுப்பு நீக்கிய பால் கிலோ ரூ.20 வீதம் அப்படியே விற்கப்படுகிறது. பாலேட்டைக் கடைந்து பொதியிட மேலும் ரூ.2,500 செலவாகிறது. அதிலிருந்து பெறும் 48 கிலோ வெண்ணெய் கிலோ ரூ.500 வீதம் விற்கிறது. 50 கிலோ மோர் கிலோ ரூ.12 வீதம் ரூ.600 தருகிறது, அதனை விற்கும் செலவு ரூ.100.

செலவை எடையின்படி பகிர்ந்தால் என்ன ஆகும்? பாலேடு எடையில் பத்தில் ஒரு பங்கே ஆதலால் அதற்கு ரூ.3,800 மட்டுமே சேரும், எஞ்சிய ரூ.34,200 கொழுப்பு நீக்கிய பாலின் தலையில் விழும். ரூ.18,000க்கு விற்கும் பொருளுக்கு ரூ.34,200 அடக்கவிலை! இக்கணக்கை நம்பும் மேலாளர், ரூ.16,200 நட்டம் தரும் பொருளைக் கைவிடலாம் என எண்ணக்கூடும். ஆனால் அந்தப் பாலைக் கால்வாயில் கொட்டினாலும் ரூ.38,000 குறையாது, ரூ.18,000 வரவு மட்டுமே போகும். ரூ.2,000 இலாபம் ரூ.16,000 நட்டமாக மாறிவிடும். நட்டம் பொருளில் இல்லை, பகிர்ந்த முறையில் இருக்கிறது.

விற்பனை மதிப்பு முறையில், ஒவ்வொரு பொருளும் பிரிநிலையில் பெற்றுள்ள மதிப்பின் விகிதத்தில் செலவு பகிரப்படுகிறது. கொழுப்பு நீக்கிய பாலுக்கு அம்மதிப்பு நேரடியாகவே ரூ.18,000. பாலேட்டுக்கோ, இறுதி விற்பனையிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும்: வெண்ணெய் விற்பனை ரூ.24,000; கழிக்க, பிரிநிலைக்குப் பிந்தைய செலவு ரூ.2,500, கூட்ட, மோரின் நிகர வரவு ரூ.500. ஆக ரூ.22,000.

| பிரிநிலைப் பொருள் | மதிப்பு (ரூ.) | விகிதம் | கூட்டுச் செலவு (ரூ.) | இலாபம் (ரூ.) |
|---|---|---|---|---|
| கொழுப்பு நீக்கிய பால் | 18,000 | 45% | 17,100 | 900 |
| பாலேடு | 22,000 | 55% | 20,900 | 1,100 |
| மொத்தம் | 40,000 | 100% | 38,000 | 2,000 |

இரு பொருள்களும் தத்தம் மதிப்பில் 5% இலாபம் காட்டுவதைக் கவனிக்க. இஃது அம்முறையின் இயல்பு. விடையைச் சரிபார்க்கவும் உதவும். வெண்ணெயின் அடக்கவிலை: 20,900 + 2,500 − 500 = ரூ.22,900.

தேர்வுத் தாள்களில் அடிக்கடி காணப்படும் தவறு, பிந்தைய செலவைக் கழிக்காமல் 24,000 : 18,000 என்ற விகிதத்தை எடுப்பது. அப்போது பாலேட்டுக்கு ரூ.21,714 சேர்ந்து, வெண்ணெயின் இலாபம் ரூ.286 ஆகச் சுருங்கும். கொழுப்பு நீக்கிய பாலின் இலாபமோ ரூ.1,714 எனப் பெருகும். கடைவதற்கான செலவைப் பாலேட்டின் மதிப்பாகக் கருதியதே காரணம்.

மோரின் வரவை எங்கே கழிப்பது என்பதிலும் கவனம் தேவை. துணைப்பொருள் பிரிநிலையிலேயே தோன்றினால், அதன் நிகர வரவை மொத்தக் கூட்டுச் செலவிலிருந்து முதலில் கழித்துவிட்டு, எஞ்சியதைப் பகிர்வது வழக்கம். இங்கு மோர் பாலேட்டைக் கடைந்த பின்னரே வருகிறது. ஆதலால் அதன் பயன் வெண்ணெய்க்கே உரியது. கொழுப்பு நீக்கிய பாலுக்கு அதில் பங்கில்லை. மோரின் தொகை சிறிதாக இருக்கும்வரை இரு வழிகளின் வேறுபாடு சில ரூபாய்களே. ஆயினும் அது எங்கே தோன்றுகிறது என்பதை வினாவைப் படிக்கும்போதே குறித்துக்கொள்க.

இம்முறை இருப்பை மதிப்பிடவும், இலாபத்தைக் கணக்கிடவும் ஏற்றது. மேலும் பதப்படுத்தலாமா என்ற முடிவுக்கு இது உதவாது. பாலேட்டை அப்படியே கிலோ ரூ.225க்கு வாங்க ஒருவர் முன்வந்தால், ரூ.22,500 கிடைக்கும், கடைந்தால் நிகரமாக ரூ.22,000 மட்டுமே. ஆகவே விற்றுவிடுவதே நன்று. ரூ.215 தருவதாயின் ரூ.21,500 தான்; அப்போது கடைவதே மேல். இவ்விரு முடிவுகளிலும் ரூ.20,900 என்ற பகிர்ந்த செலவு எங்கும் வரவில்லை என்பதைக் காண்க. பால் வாங்கிப் பிரித்தபோதே அது செலவாகிவிட்டது.