திரும்பத் திரும்ப வரும் நீர்க்கடுப்பு

எளியோர் நிதிக்குக் காணிக்கை அனுப்பும் நண்பர்கள் சிலர் கணக்கைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். நீர்க்கடுப்பு என்று வருகிற பெண்களில் ஒருவரை மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புகிறீர்கள், இன்னொருவருக்குக் கல்ச்சர், ஸ்கேன், எக்ஸ்ரே என்று செலவு செய்கிறீர்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி ஸ்கேன் எடுத்துவிட்டால் என்ன என்பது கேள்வி. அதற்குப் பதிலாகவே இந்த மாதப் பாடத்தை எழுதுகிறோம்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் என்றால் முதலில் "சூடு" என்பார்கள். கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவுவார்கள், தொப்புளில் எண்ணெய் வைப்பார்கள், நீர்மோர் குடிப்பார்கள். இதை நாங்கள் கேலி செய்வதில்லை. சித்திரை வெயிலில் தண்ணீர் போதாமல் சிறுநீர் கெட்டியாகிவிட்டால் கிருமி இல்லாமலே எரியும். நீர்மோரும் தண்ணீரும் உள்ளே போனால் சில மணி நேரத்தில் அது அடங்கிவிடும். அடங்காமல், அடிக்கடி போகவேண்டும் என்ற அவசரமும் அடிவயிற்று வலியும் சேர்ந்து, சிறுநீர் கலங்கி வந்தால் அது கிருமித் தொற்று. ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது ஒரு வருஷத்தில் மூன்று முறை வந்தால் அதைத் திரும்ப வரும் தொற்று என்கிறோம்.

இப்படி வருகிற பெரும்பாலான பெண்களுக்குச் சிறுநீரகத்திலோ குழாயிலோ எந்தக் கோளாறும் இல்லை. பெண்களின் சிறுநீர்த் துவாரக் குழாய் ஏறக்குறைய 4 செ.மீ. நீளந்தான். குடலில் சாதாரணமாய் வாழும் ஈ.கோலை என்ற கிருமிக்கு அது மிகவும் குறுகிய வழி. ஒரு முறை குணமாகி, சில வாரமோ மாதமோ கழித்து வெளியிலிருந்து புதிதாய் ஏறி வருகிறது. இவர்களுக்கு ஸ்கேன் எடுத்தால் நன்றாய் இருக்கிறது என்றே வரும். சில வேளை தீங்கில்லாத ஒரு சிறு நீர்க்கட்டி தென்பட்டு, அந்தக் குடும்பமே தூக்கத்தை இழக்கும். ஆகவே இவர்களுக்கு ஸ்கேன் பணத்தைச் செலவிடுவதில்லை.

இவர்களுக்கு வேண்டியது தடுப்பு. அதில் முதலிடம் தண்ணீருக்கு. 2018-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பல்கேரியா நாட்டில் தொற்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்த, தண்ணீர் குறைவாய்க் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேரை வழக்கத்தைவிடத் தினமும் ஒன்றரை லிட்டர் அதிகமாய்க் குடிக்கச் செய்தார்கள். ஒரு வருஷத்தில் மற்றவர்களுக்குச் சராசரி மூன்று முறைக்குமேல் தொற்று வந்தபோது, இவர்களுக்கு இரண்டுக்கும் குறைவாகவே வந்தது. அது குளிர்ந்த தேசம். நம் வெயிலுக்கு இன்னும் கூடுதலாய் வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாய்ப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம். இருதயமோ சிறுநீரகமோ பலவீனப்பட்டவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டே அளவைக் கூட்டவேண்டும்.

சொல்வது எளிது. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் ஒருவரே பல தறிகளைப் பார்க்கிறார். அவர் எழுந்து போன நேரத்தில் நூல் அறுந்தால் துணி பாழாகும், கூலி குறையும். கழிப்பறை வசதியாய் இல்லாத இடத்தில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்டவரிடம் போய் "நிறையத் தண்ணீர் குடியுங்கள் அம்மா" என்று உபதேசித்துவிட்டு வந்துவிட முடியாது. ஷிப்டு தொடங்குமுன், சாப்பாட்டு வேளையில், வீடு திரும்பியதும் என்று மூன்று நேரமும் சிறுநீர் கழித்துவிட்டு அரை லிட்டர் குடிக்கும்படி எங்கள் நர்சம்மாக்கள் சொல்லித்தருகிறார்கள். தாம்பத்திய உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பது நல்லது. உறுப்பின் உள்ளே சோப்போ டெட்டாலோ போட்டுக் கழுவக்கூடாது. அது நல்ல கிருமிகளைக் கொன்று கெட்டவற்றுக்கு இடம் விடும். மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்த இடத்துத் தோல் மெலிந்துவிடுவதால், குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பை உள்ளே தடவ டாக்டர் எழுதிக் கொடுத்தால் தொற்று வெகுவாய்க் குறைகிறது.

இனி, எல்லாருக்கும் எடுக்காத ஸ்கேனை யாருக்கு எடுக்கிறோம்? ஒரு சகோதரியின் காரியத்தைச் சொன்னால் விளங்கும். பெயரும் ஊரும் வேண்டாம். வயது 42, தறி வேலை. பதினான்கு மாதத்தில் ஐந்து முறை நீர்க்கடுப்பு. முதல் மூன்று முறையும் மருந்துக்கடையில் இரண்டு நாள் மாத்திரை வாங்கி விழுங்கினார். எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிட்டார். நாலாம் முறை எங்களிடம் வந்தபோது கல்ச்சருக்குக் கொடுக்கச் சொன்னோம்.

கல்ச்சர் என்பது சிறுநீரில் இருக்கும் கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அது எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது. முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடிக்கவேண்டும். இரண்டு மணி நேரத்திற்குள் ஆய்வுக்கூடத்தில் சேரவேண்டும், இல்லாவிட்டால் குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும். வீட்டில் பிடித்து, வெயிலில் பஸ்ஸில் கொண்டுவந்த டப்பாவில் வழியிலேயே கிருமி பெருகிவிடும். இல்லாத வியாதி இருப்பதாய்க் காட்டும். ஆகையால் இங்கே வந்தே பிடிக்கச் சொல்கிறோம்.

அந்தச் சகோதரிக்கு வளர்ந்தது ஈ.கோலை அல்ல, புரோட்டியஸ் என்ற வேறொரு கிருமி. சாதாரண நீர்க்கடுப்புக்கு நாங்கள் முதலில் கொடுக்கும் நைட்ரோஃபியூரன்டாயின் மாத்திரைக்கு இந்தக் கிருமி இயல்பாகவே அடங்காது. கேட்கிற மருந்தாய்ப் பார்த்து முழு நாளும் கொடுத்தோம். குணமாயிற்று. ஆனால் மாத்திரை முடிந்த பத்தாம் நாள் மறுபடியும் எரிச்சல். மறு கல்ச்சரிலும் அதே புரோட்டியஸ். சிறுநீரின் காரத்தன்மை மிகுந்து, பி.எச். அளவு 8 என்று காட்டியது. சாதாரணமாய் அது 6-ஐ ஒட்டி இருக்கும்.

இந்த இடத்தில்தான் மாத்திரைச் சீட்டை வைத்துவிட்டு ஸ்கேன் சீட்டை எடுத்தோம். சரியான மருந்தை முழுதும் சாப்பிட்டும் இரண்டு வாரத்திற்குள் அதே கிருமி திரும்பினால், அது வெளியிலிருந்து வரவில்லை. உள்ளே எங்கேயோ மருந்து எட்டாத இடத்தில் ஒளிந்திருக்கிறது. புரோட்டியஸ் என்றால் அந்த இடம் கல்லாய் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கிருமி சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. அம்மோனியாவால் சிறுநீர் காரமாகிறது. காரமான சிறுநீரில் மக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியாவோடு சேர்ந்து படிகமாய்ப் படிகின்றன. அந்தப் படிவுக்குள்ளேயே கிருமியும் குடியிருக்கிறது. சில மாதங்களுக்குள் சிறுநீரகத்தின் உள்ளறைகளை எல்லாம் நிரப்பி, கிளை கிளையாய் வளர்ந்துவிடும். மான்கொம்புக் கல் என்பது அதுதான். சிறு கல் குழாயில் இறங்கும்போது வருகிற துடிக்கும் வலி இதில் பெரும்பாலும் வருவதில்லை. நீர்க்கடுப்பு மட்டுமே வெளியே தெரியும்; உள்ளே சிறுநீரகம் தேய்ந்துகொண்டிருக்கும்.

ஸ்கேனிலும் எக்ஸ்ரேயிலும் இடது சிறுநீரகத்தில் அப்படியே இருந்தது. வீட்டார் சிறுபீளைக் கஷாயம் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே பூளைப்பூச் செடிதான். கஷாயமாய்த் தண்ணீர் உள்ளே போவது நல்லதே, ஆனால் இந்தக் கல் அதற்குக் கரையாது, கல் இருக்கும்வரை கிருமியும் போகாது என்று விளக்கினோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தபடியால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். முதலில் மருந்தால் கிருமியை அடக்கி, பிறகு முதுகுப்புறம் சிறு துளையிட்டுக் கல்லை உடைத்து எடுத்தார்கள். 1976-இல் சுவீடனில் தொடங்கிய முறை இது. அதற்குமுன் விலாப்பக்கம் பெரிதாய்க் கீறியே எடுக்கவேண்டியிருந்தது. கல் பெரியதானபடியால் இரண்டு முறை செய்ய நேர்ந்தது.

ஸ்கேனுக்கு அனுப்ப வேறு சில அடையாளங்களும் உண்டு. நீர்க்கடுப்போடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் விலாவலியும் வந்து, தக்க மருந்து கொடுத்தும் மூன்று நாளில் தணியாவிட்டால் காத்திருக்கமாட்டோம். அடைப்புக்குப் பின்னால் சீழ் தேங்கியிருந்தால் அன்றைக்கே வடிக்கவேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. தொற்று போனபின்னும் சிறுநீரில் இரத்தம் தங்கினாலும், ஆண்களுக்கோ சிறு குழந்தைகளுக்கோ காய்ச்சலோடு தொற்று வந்தாலும் பார்த்துவிடுவோம். வயதான தாய்மாரிடம் ஸ்கேனுக்குமுன் அடியிறக்கம் உண்டா என்று தனியே விசாரிக்கிறோம். வெட்கப்பட்டு வருஷக்கணக்காய்ச் சொல்லாமல் இருப்பார்கள். கர்ப்பப்பை இறங்கியிருந்தால் சிறுநீர் முழுதும் வெளியேறாமல் தேங்கி, அதில் கிருமி வளரும். பரிசோதித்து ஒரு வளையம் பொருத்தினாலே பலருக்கு நீர்க்கடுப்பு குறைகிறது.

இன்னொரு கேள்வியும் மெதுவாய்க் கேட்கவேண்டியிருக்கிறது. பள்ளிபாளையம் பகுதியில் கடன்பட்ட தறித் தொழிலாளரிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய செய்தியை 2025-இல் நாளிதழ்களில் வாசித்திருப்பீர்கள். 1994-ஆம் வருஷச் சட்டப்படி அது குற்றம். கொடுத்தவர்கள் பயத்தினால் மறைக்கிறார்கள். விலாவில் தழும்பு கண்டால், குற்றம் சாட்டாமல், ஒரு சிறுநீரகந்தானா என்று கேட்கிறோம். இருப்பது ஒன்றே என்றால் அதில் கல்லோ அடைப்போ வந்தபின் மாற்று இல்லை. அவர்களுக்குக் காய்ச்சலோடு வரும் முதல் தொற்றிலேயே ஸ்கேன் எடுத்துவிடுகிறோம், நிதியிலிருந்தே.

அந்தச் சகோதரிக்கு ஆறு மாதமாய்க் கல்ச்சரில் கிருமி இல்லை. தறிக்குப் பக்கத்தில் இரண்டு லிட்டர் பாட்டில் வைத்திருக்கிறார். அவர் எழுந்து போகும் நேரத்தில் பக்கத்துத் தறிக்காரம்மா நூலைப் பார்த்துக்கொள்கிறார். கடைசி ஸ்கேனில் கீழ் அறையில் 3 மி.மீ. அளவு துணுக்கு ஒன்று தங்கியிருப்பது தெரிந்தது. இவ்வகைக் கல்லில் துணுக்குக்குள் கிருமி உயிரோடிருந்தால் திரும்ப வளரக்கூடும். மூன்று மாதத்தில் மறுபடியும் ஸ்கேன் வைத்திருக்கிறோம். அதற்காக ஜெபித்துக்கொள்ளும்படி உங்களைக் கேட்கச் சொன்னார்.