பெறுநரை முன்னிறுத்திக் கடிதம் எழுதக் கற்பித்தல்: தேவாரம் மலைச்சாலை விண்ணப்பத்தை முன்வைத்து

பள்ளித் தமிழ்ப் பாடத்தில் கடிதம் என்பது அனுப்புநர், பெறுநர், பொருள், உறைமேல் முகவரி ஆகிய உறுப்புகளின் வரிசையாகவே பயிற்றுவிக்கப்படுகிறது. பெறுநர் பெயரளவில் இருக்கிறாரேயன்றி, படிப்பவராக இல்லை. படிப்பவர் விடைத்தாள் திருத்துநரே. உண்மையான பெறுநரை முன்வைத்தால் கடிதத்தின் உள்ளடக்கமே மாறுகிறது என்பதைத் தேனி மாவட்டம் தேவாரம் பகுதிச் சிக்கலொன்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்குச் சாலை வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. தோட்டத் தொழிலாளர் இன்று போடிமெட்டு அல்லது கம்பம்மெட்டு வழியாகச் சுற்றிச் செல்கின்றனர். இதைப் பொருளாகக் கொடுத்தால் மாணவர் முதல் வரைவு பெரும்பாலும் இவ்வாறு அமையும்: “எங்கள் ஊர் மக்கள் பெரிதும் துன்புறுகின்றனர். சாலை அமைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.” இலக்கணப் பிழை இல்லை, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் இதைப் பெறும் மாவட்ட ஆட்சியர் செய்யக்கூடியது எதுவும் இதில் இல்லை. வனநிலத்தைச் சாலைக்குப் பயன்படுத்த 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நடுவணரசின் முன் ஒப்புதல் தேவை.

ஆகவே வரைவின் முதற்படி எழுதுவதன்று; ‘இவர் எதைச் செய்ய இயலும்?’ என வினவி ஒரே தொடரில் விடை காண்பது. அடுத்து, முகவரியும் விளிப்பும் இன்றி உடற்பகுதி மட்டும் எழுதப்பட வேண்டும். வடிவத்தை முதலில் கொடுத்தால் மாணவர் அதை நிரப்பிவிட்டு எழுதி முடித்ததாகக் கருதுவர். திருந்திய வரைவில் வேண்டுகோள் இவ்வாறு சுருங்கும்: “இச்சாலைக்கு வன ஒப்புதல் கோரும் முன்மொழிவு அனுப்பப்பட்டுள்ளதா, ஆயின் இப்போது எந்நிலையில் உள்ளது எனத் தெரிவிக்க வேண்டுகிறேன்.” கோரிக்கை சிறுத்ததுபோல் தோன்றினும், விடையளிக்கத்தக்கதாகிறது.

சக மாணவர் மதிப்பாய்வுப் பட்டியலில் மூன்று வினாக்கள் போதும். கடிதத்தை மூடிவைத்துவிட்டு, கேட்கப்பட்டது என்ன என ஒரே தொடரில் சொல்ல முடிகிறதா? எழுதியவர் கண்டறிந்ததும் பிறர் சொல்லக் கேட்டதும் பிரித்தறியுமாறு உள்ளனவா? ஊர் அறியாதவருக்கு இடம் விளங்குமா? சந்திப்பிழை, ஒற்றுப்பிழை பார்ப்பது அடுத்த சுற்றுக்குரியது. முதற்சுற்றிலேயே அதை அனுமதித்தால் மதிப்பாய்வு அதிலேயே முடிந்துவிடும்.

மூன்றாம் வினாவில்தான் இம்முறை இடறுகிறது. மதிப்பாய்பவரும் தேவாரத்தவராயின் ‘மெட்டு’ என்றதும் மலைக்கணவாய் அவர் கண்முன் தோன்றும். கடிதத்தில் விடுபட்டதை அவரே நிரப்பிக்கொள்வார். வெளிமாவட்டத்திலிருந்து வந்த அலுவலருக்கு அச்சொல் வெறும் பெயர். எனவே இச்சுற்றுக்கு மட்டும் மலையடிவாரம் சாராத ஊர் மாணவரிடம் வரைவைக் கொடுப்பதே தக்கது.

திருந்திய கடிதம் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் அளிக்கப்பட்டு, ஒப்புகைச் சீட்டு மாணவரின் பயிற்சி ஏட்டில் ஒட்டப்பட வேண்டும். விடை வந்தால் முதல் வரைவையும் அதனையும் அருகருகே வைத்து, எத்தொடருக்கு விடை வந்தது, எதற்கு வரவில்லை எனக் குறிப்பதே அடுத்த வகுப்பின் பாடம்.