வாரம் ஒரு மணி நேரம், ஆளுக்குப் பாதி

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். டார்ட்முண்டில் வார்டு வேலைக்குச் சேர்ந்தும் ஜெர்மன் பேச வாய் வரவில்லை, கேட்டால் புரிகிறது, பேசினால் சிக்குகிறது என்று எழுதியிருந்தாய். பேசிப் பழக ஒரு துணை வேண்டும், எங்கே தேடுவது, எப்படி நடத்துவது என்றும் கேட்டிருந்தாய். சென்னையில் இத்தனை வருஷம் ஜெர்மன் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் இதற்கு 'டான்டம்' என்று பெயர். உன் மொழியை அவளும் அவள் மொழியை நீயும் படிக்கிறீர்கள், காசு கைமாறாது, நேரம் ஆளுக்குப் பாதி. பல்கலைக்கழக மொழி மையங்களிலும் நகர நூலகங்களிலும் இதற்கு அறிவிப்பு ஒட்டுவார்கள். ஆனால் அங்கே வரும் ஜெர்மன்காரர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது ஆங்கிலம், ஸ்பானிஷ். நீ ஆங்கிலத்தைக் கொடுத்து ஜெர்மன் வாங்கப் போனால், சிக்கும் இடத்திலெல்லாம் இரண்டு பேரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவீர்கள். அது இரண்டு பேருக்குமே சுலபமாக வரும் மொழி என்பதால் திரும்பி வர மனசு வராது. அதனால் தமிழ் வேண்டும் என்கிற ஆளைத் தேடு.

அப்படிப்பட்டவர்கள் உன் பக்கத்திலேயே இருக்கிறார்கள். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து போன குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் ரூர் பகுதி முழுக்க வளர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஜெர்மன்தான் தாய்மொழி போல. வீட்டில் பேசும் தமிழ் எல்லாம் விளங்கும், பதில் சொல்லத்தான் தடுமாற்றம். உனக்கு ஜெர்மனில் இருக்கும் அதே குறை அவர்களுக்குத் தமிழில். ஊர் ஊராக வார இறுதியில் நடக்கும் தமிழ்ப் பள்ளிகளில் ஒரு ஆசிரியரிடம் சொல்லி வை. பக்கத்தில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனால் அங்கே யாரிடமாவது கேள். பள்ளியில் படிக்கும் சின்னப் பிள்ளை வேண்டாம், வேலைக்குப் போகிற, தானாகவே தமிழ் வேண்டும் என்கிற வயதுப் பெண்ணாகப் பார். "என் பெண்ணுக்குத் தமிழ் சொல்லிக் கொடு" என்று தாய் அனுப்புகிற ஆள் இரண்டு வாரத்தில் நின்றுவிடுவாள்.

கேட்கும்போது பொத்தாம்பொதுவாக "பேசிப் பழகலாமா" என்று கேட்காதே. உன் ஜெர்மன் எந்த நிலை, எதற்காக வேண்டும், எந்தக் கிழமை எத்தனை மணி, இதைச் சொல். அவளிடமும் அதையே கேள். "அப்பம்மாவோட போனில கதைக்க வேணும்" என்று அவள் சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடு, அதைவிடத் தெளிவான காரணம் கிடைக்காது. முதல் சந்திப்பை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற நூலகத்திலோ ஒரு கஃபேயிலோ வைத்துக்கொள். நாலு வாரம் பார்ப்போம், பிடிக்கவில்லையென்றால் மனஸ்தாபம் இல்லாமல் விட்டுவிடுவோம் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். வெளியேறும் வழி முன்கூட்டியே இருந்தால்தான் இரண்டு பேரும் உண்மையைச் சொல்வீர்கள்.

இனி நேரம். அறுபது நிமிஷம் என்றால் இருபத்தைந்து ஜெர்மன், அது முடிந்ததும் ஐந்து நிமிஷம் திருத்தம், பிறகு அதேபோல் தமிழ். போனில் அலாரம் வை. அடித்ததும் நடு வாக்கியமானாலும் மொழி மாற வேண்டும். முதலில் எந்த மொழி என்பதை வாரா வாரம் மாற்று, ஏனென்றால் களைப்பு எப்போதும் இரண்டாவது பாதியில்தான் வரும். நீங்கள் இரண்டு பேரும் தமிழ்ப் பெண்கள் என்பதால் இதில் ஒரு ஆபத்து உண்டு. ஒரு மாதத்தில் அவள் உன்னை அக்கா என்பாள், வீட்டுச் சாப்பாடு வரும், பேச்செல்லாம் தமிழிலேயே ஓடும். பழகு, சந்தோஷம், ஆனால் அதை அலாரம் அடித்து முடிந்த பிறகு வைத்துக்கொள்.

திருத்துவதுதான் பெரிய விஷயம். இதை வாய்ப்பேச்சாக விடாமல் முதல் சந்திப்பிலேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ஒன்றும் பேசிக்கொள்ளாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். மரியாதைக்காக அவள் எதையுமே திருத்த மாட்டாள். இல்லையென்றால் வார்த்தைக்கு வார்த்தை நிறுத்துவாள், நீ பேச வந்ததையே மறந்துவிடுவாய்.

இன்னொன்று, நல்லவர்கள் எல்லாம் தானாகச் செய்வது. நீ தப்பாகச் சொன்னதை அவள் சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்வாள். கேட்க இதமாக இருக்கும், ஆனால் திருத்தினாள் என்றே உனக்குத் தெரியாது, பதில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வாய். லிஸ்டர், ராண்டா என்ற இருவர் கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளைக் கவனித்து 1997-ல் எழுதிய ஆய்வில், ஆசிரியர்கள் அதிகம் கையாண்ட வழி இதுதான், மாணவர்கள் மிகக் குறைவாகப் பிடித்துக்கொண்டதும் இதைத்தான் என்று கண்டார்கள். மாணவனையே திருத்திச் சொல்லவைக்கும் வழிகளில் பலன் கூடுதலாக இருந்தது. என் வகுப்பிலும் நான் பார்த்தது அதுவே.

ஆகவே இப்படி ஒப்பந்தம் போடு. ஒவ்வொரு மாதமும் நீ இரண்டே இரண்டு தவறுகளைத் தேர்ந்தெடுத்து அவளிடம் சொல். அந்த இரண்டு வந்தால் மட்டும் அவள் விரலை உயர்த்த வேண்டும், வாயால் எதுவும் சொல்லக் கூடாது. நீயே திருத்திப் பார்க்க மூன்று எண்ணும் அளவுக்கு அவகாசம். வரவில்லையென்றால் அவள் சொல்லட்டும், நீ முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல். மற்ற தவறுகளுக்கு அவள் பேச்சை நிறுத்த வேண்டாம், தாளில் குறித்துக்கொண்டால் போதும். நீ சொல்வது அவளுக்கு விளங்கவே இல்லை என்றால் மட்டும் உடனே கேட்கலாம்.

உனக்கு எந்த இரண்டு என்று நானே சொல்கிறேன். நம் ஆட்களுக்கு வினைச்சொல் கடைசியில் வருவது பழக்கம். அதனால் துணை வாக்கியத்தில் நமக்குக் கஷ்டம் குறைவு, முதன்மை வாக்கியத்தில்தான் மாட்டிக்கொள்வோம். நேற்று வேலை செய்தேன் என்பதற்கு நீ 'கெஸ்டர்ன் இஷ் ஹாபெ கெஆர்பைட்டெட்' என்பாய். 'கெஸ்டர்ன் ஹாபெ இஷ்' என்று வர வேண்டும், ஏனென்றால் எதில் ஆரம்பித்தாலும் வினை இரண்டாவது இடத்தில் நிற்கும். அடுத்தது, போனேன், வந்தேன் போன்ற நகர்வைச் சொல்லும்போது 'ஹாபெ' என்று தொடங்குவது. 'இஷ் பின் கெஃபாரன்' என்பதுதான் சரி. முதல் மாதம் இந்த இரண்டை மட்டும் பார். டெர், டீ, தாஸ் எல்லாம் தாளில் இருக்கட்டும். அதற்கெல்லாம் விரல் தூக்கினால் கை கீழே இறங்காது.

திருத்தும் ஐந்து நிமிஷத்தில் தாளிலிருந்து ஐந்து வாக்கியத்துக்கு மேல் எடுக்காதீர்கள். சரியான வடிவத்தை உன் கையெழுத்தில் நீயே எழுது. அடுத்த வாரம் தொடங்கும்போது அந்த ஐந்தையும் பேச்சில் நுழைத்துப் பேசு. மூன்றாவது வாரமும் அதே வாக்கியம் தாளில் வந்தால் அவளிடம் கேட்டுப் பயனில்லை, இலக்கணப் புத்தகத்தை எடு. "ஏன் இப்படி?" என்று அவளைக் கேட்காதே. பேசுகிறவளுக்கு எது சரி என்று தெரியும், காரணம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கட்டாயப்படுத்தினால் ஏதாவது ஒரு விதியைத் தானே உருவாக்கிச் சொல்வாள், அது பாதி நேரம் தப்பாக இருக்கும்.

நீங்கள் இரண்டு பேரும் 'டூ' போட்டுத்தான் பேசுவீர்கள். ஆனால் நோயாளியிடமும் டாக்டரிடமும் உனக்கு 'ஸீ' வேண்டும். அதனால் உன் பாதியில் பத்து நிமிஷம் அவள் நோயாளியாக நடிக்கட்டும், இல்லையென்றால் ஷிஃப்ட் மாறும்போது சொல்லும் 'யூபர்காபெ'யை அவளிடம் சொல்லிப் பார். வார்டில் இருக்கும் நிஜ நோயாளியின் பெயரையோ விவரத்தையோ வாயில் எடுக்காதே, கற்பனை நோயாளி போதும்.

இனி அவள் பாதி. இங்கேதான் நீ கவனமாக இருக்க வேண்டும், கண்ணு. அவள் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். "அப்பம்மாவோட கதைச்சன்" என்று சொன்னால் "பேசினேன்" என்று திருத்தாதே. அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது என்றும் பொருள். நீ திருத்தியதை நம்பி அவள் அப்பம்மாவிடம் போய்ச் சொன்னால் சங்கடம் அவளுக்குத்தான். வாங்கோ, இருங்கோ, என்ன செய்யிறியள், வேணும், விளங்குது எல்லாமே சரி. நம் பேச்சில் இல்லை என்பதற்காக ஒன்று பிழையாகிவிடாது. அவள் "அப்பம்மா சாப்பிட்டான்" என்று சொன்னால் அது பிழை, விரல் தூக்கு. ஆனால் திருத்தம் "சாப்பிட்டா" என்று இருக்கட்டும், அங்கே பாட்டியை மரியாதையாக அப்படித்தான் சொல்வார்கள். "சாப்பிட்டாங்க" என்று நீ சென்னையைக் கொண்டுபோய் வைக்காதே. சந்தேகம் வந்தால் தாளில் கேள்விக்குறி போடு, அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டு அடுத்த வாரம் சொல்லட்டும்.

எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பதையும் முதல் நாளே கேட்டுவிடு. போனில் கதைக்க வேண்டும் என்கிறவளுக்கு "செல்கிறேன், உண்கிறேன்" எதற்கும் உதவாது. நடுவில் ஜெர்மன் சொல் கலந்தால் நிறுத்தாதே, குறித்து வைத்துக் கடைசியில் தமிழ்ச் சொல்லைக் கொடு. முக்கியமாக, சிரிக்காதே. இந்தப் பிள்ளைகளில் பலர் பேச்சை விட்டதே சொந்தக்காரர்கள் சிரித்ததால்தான். ஜெர்மனில் நீ தடுமாறும்போது வெளிநாட்டுக்காரி தடுமாறுகிறாள் என்பார்கள். தமிழில் அவள் தடுமாறினால் "தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் தெரியவில்லையே" என்பார்கள். அவளுக்கு வலி கூடுதல்.

நாலு வாரம் முடிந்ததும் அந்த ஒப்பந்தத் தாளை இரண்டு பேரும் எடுத்துப் பாருங்கள். யார் அதிகம் பேசுகிறீர்கள், விரல் போதுமா, கூடுதலா, அடுத்த மாதம் எந்த இரண்டு தவறு என்று முடிவு செய்யுங்கள். உன் பாதி நேரம் அவள் பாதியை விழுங்குகிறது என்று தெரிந்தால் அவள் சொல்வதற்கு முன் நீயே சொல்லிவிடு.

இந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் பக்கம் போய் விசாரி. ஆள் கிடைத்ததும் நீங்கள் எழுதிய ஒப்பந்தத்தை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அத்தை