கடல் கடக்கும் மின்ரூபாய்

நெமிலித் தொழிலாளி ஒருவர் துபாயிலிருந்து 200 டாலர் மதிப்புள்ள திர்ஹத்தை இல்லத்திற்கு அனுப்புகிறார் எனக் கொள்வோம். இரு நாட்டு வங்கிகளுக்கு இடையே நேரடிக் கணக்கு இல்லையெனில், அத்தொகை இடைநிலை வங்கிகள் வழியே வரும். ஒவ்வொன்றும் சரிபார்க்கும், கட்டணம் கழிக்கும், விடுமுறையில் காத்திருக்கும். உலக வங்கியின் 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இத்தொகையை அனுப்பும் உலகச் சராசரிச் செலவு 6 விழுக்காட்டிற்கும் மேல். அதாவது, 12 டாலருக்கும் அதிகம்.

மைய வங்கியே வெளியிடும் மின்பணம் இச்சங்கிலியைக் குறுக்கலாம். மின்திர்ஹமும் மின்ரூபாயும் ஒரே நொடியில் கைமாறினால், இடைநிலை வங்கி தேவையில்லை. இவ்விணைப்பை ஆராய இந்திய ரிசர்வ் வங்கியும் அமீரக மைய வங்கியும் 2023 மார்ச்சில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. ஆயினும், நாணய மாற்று விகிதத்தில் மறைந்துள்ள இலாபமும் அடையாளச் சோதனையும் நீங்கா. எனவே, கட்டணத்தை மட்டுமன்றி, இல்லத்தார் கையில் சேரும் ரூபாயையும் ஒப்பிட்டே சேமிப்பை அறிதல் வேண்டும்.