ஒறுப்பிழந்த பங்கும் அதன் மறுவெளியீடும்

கம்பெனிக் கணக்குகளைப் பயிலும் மாணவியர்க்கு ஒறுப்பிழப்புப் பாடத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. பங்கை முகமதிப்பிற்குக் குறைவாக வெளியிடுவதைச் சட்டம் தடுத்திருக்க, ஒறுப்பிழந்த பங்கை மட்டும் குறைந்த விலைக்கு விற்கலாம் என்பது எங்ஙனம் பொருந்தும்? இதற்கு விடை கண்டுவிட்டால், பதிவுகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இராது.

முகமதிப்பு ரூ.10 உள்ள பங்கை ரூ.12க்கு வெளியிட்டால், மிகுதியான ரூ.2 முனைமம் எனப்படும். அது பங்கு முதலுடன் சேராமல் பத்திர முனைமக் கணக்கில் தனியே நிற்கும். அதிலிருந்து பங்காதாயம் வழங்க இயலாது. அதே பங்கை ரூ.9க்கு வெளியிட்டால், குறைகின்ற ரூ.1 தள்ளுபடியாகும். 1956ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் சில நிபந்தனைகளோடு இதனை அனுமதித்திருந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவோ, ஊழியரின் உழைப்புக்கு ஈடாக வழங்கும் பங்குகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, தள்ளுபடியில் வெளியிடுவதைத் தடை செய்துவிட்டது.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு கம்பெனி ரூ.10 பங்கை ரூ.2 முனைமத்தில் வெளியிடுகிறது. விண்ணப்பத்துடன் ரூ.3, ஒதுக்கீட்டின்போது முனைமம் உள்பட ரூ.5, இறுதி அழைப்பில் ரூ.4 செலுத்த வேண்டும். 200 பங்குகள் பெற்ற ஒருவர் இறுதி அழைப்புத் தொகையை மட்டும் செலுத்தவில்லை என்று கொள்வோம்.

கம்பெனி உடனே பங்கைப் பறித்துவிட முடியாது. அதன் நடைமுறை விதிகளில் அதற்கு இடம் இருக்க வேண்டும். வழக்கமான விதிகளின்படி, குறைந்தது 14 நாள் தவணை தந்து, செலுத்தத் தவறினால் பங்கு பறிபோகும் என்பதையும் குறிப்பிட்டு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதன் பின்னரே இயக்குநரவை தீர்மானம் நிறைவேற்றலாம். பங்கோடு, அதுவரை செலுத்திய பணமும் அவருக்கு இல்லாமற் போகும் அன்றோ! அதனாலேயே இத்தனை காப்புகள். ஒறுப்பிழப்புப் பதிவு இது:

பங்கு முதல் க/கு: பற்று ரூ.2,000
பங்கு இறுதி அழைப்பு க/கு: வரவு ரூ.800
ஒறுப்பிழந்த பங்குகள் க/கு: வரவு ரூ.1,200

இங்கே முனைமக் கணக்கு ஏன் வரவில்லை? அந்த ரூ.400 ஒதுக்கீட்டிலேயே கைக்கு வந்துவிட்டது. வந்த முனைமத்தை நாம் தொடுவதில்லை. வராத முனைமத்தை மட்டுமே நீக்க வேண்டும். மற்றொருவர் 100 பங்குகளுக்கு விண்ணப்பத் தொகை மட்டும் செலுத்தி நின்றுவிட்டால், பங்கு முதல் ரூ.1,000, முனைமம் ரூ.200 ஆகிய இரண்டையும் பற்று வைத்து, ஒதுக்கீட்டிற்கு ரூ.500, அழைப்பிற்கு ரூ.400, ஒறுப்பிழந்த பங்குகளுக்கு ரூ.300 வரவு வைப்போம்.

முதலாமவரின் பங்குகளில் 150ஐ, முழுவதும் செலுத்தப்பட்டதாகக் கொண்டு, பங்கு ஒன்று ரூ.8 வீதம் வேறொருவருக்குக் கம்பெனி மறுவெளியீடு செய்கிறது.

வங்கி க/கு: பற்று ரூ.1,200
ஒறுப்பிழந்த பங்குகள் க/கு: பற்று ரூ.300
பங்கு முதல் க/கு: வரவு ரூ.1,500

நம் ஐயத்திற்கு விடை இங்கேதான் இருக்கிறது. இந்தப் பங்கு ஒன்றுக்குப் பழைய உறுப்பினர் முனைமம் நீங்கலாக ரூ.6 கொடுத்துவிட்டார். புதியவர் ரூ.8 தருகிறார். ஆகக் கம்பெனி பெற்றது ரூ.14, முகமதிப்பிற்கு ஒரு காசும் குறையவில்லை. எனவே, முன்பு பறிக்கப்பட்ட தொகையே மறுவெளியீட்டுத் தள்ளுபடிக்கு எல்லை. முதலாமவரின் பங்கை ரூ.4க்குக் குறைந்தும், இரண்டாமவரின் பங்கை ரூ.7க்குக் குறைந்தும் விற்க இயலாது.

விற்ற 150 பங்குகளின் மீது பறித்த தொகை ரூ.900. தள்ளுபடியாகத் தந்த ரூ.300 போக, எஞ்சிய ரூ.600 கம்பெனிக்கு ஆதாயம். அன்றாட வியாபாரத்தில் வந்த இலாபம் அன்று ஆகையால் அது முதலினக் காப்பிற்குச் செல்லும்.

ஒறுப்பிழந்த பங்குகள் க/கு: பற்று ரூ.600
முதலினக் காப்பு க/கு: வரவு ரூ.600

தேர்வில் மிகுதியாக மதிப்பெண் இழப்பது இவ்விடத்தில்தான். 200 பங்குகளுக்கும் உரிய ரூ.1,200இல் ரூ.300ஐக் கழித்து, ரூ.900ஐ மாற்றிவிடுவோர் பலர். விற்காத 50 பங்குகளின் ஆதாயம் இன்னும் உறுதியாகவில்லை. அவற்றை நாளை ரூ.4க்கே விற்க நேரலாம். சரிபார்க்க எளிய வழி உண்டு. முதலாமவரின் பங்குகளுக்கெனக் கணக்கில் எஞ்சிய தொகையை விற்காத பங்குகளால் வகுத்துப் பார்க்க வேண்டும். நம் கணக்கில் ரூ.300ஐ 50ஆல் வகுக்க ரூ.6 வருகிறது, அதுவே அவர் பங்கு ஒன்றுக்கு முனைமம் நீங்கலாகச் செலுத்திய தொகை. ரூ.900ஐ மாற்றியிருந்தால் மீதமே இராது. பிழை அப்போதே வெளிப்பட்டுவிடும்.

அந்த ரூ.300உம், இரண்டாமவரிடம் பறித்த ரூ.300உம், அப்பங்குகள் விற்கும்வரை இருப்புநிலைக் குறிப்பில் செலுத்தப்பட்ட பங்கு முதலோடு கூட்டிக் காட்டப்படும்.