படி என்னும் ஒரு சொல்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து செல்வோர் ஏறத்தாழ 3,550 படிகளைக் கடக்கின்றனர். திருப்பதியில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்குப் ‘படி’ என்றவுடன் அந்தக் கற்படிகளே நினைவில் எழும். பள்ளியில் அதே சொல் ‘பாடத்தைப் படி’ என ஏவலாக வருகிறது. பாட்டி வீட்டில் அரிசி அளக்கும் கலமும் படிதான். விடுப்பு விண்ணப்பத்தின் அடியில் மாணவன் ‘இப்படிக்கு’ என்று எழுதிக் கையொப்பமிடுகிறான். மலைமேல் கோயிற் சுவரில் இவற்றோடு இன்னொன்றும் உண்டு: ‘அமுதுபடி’.

ஒரு சொல்லின் பொருளை அகராதி கூறும். அச்சொல் எத்தனை முறை வழங்கியது, எந்தச் சொற்களோடு கூடி வழங்கியது, எக்காலத்தில் பெருகி எக்காலத்தில் அருகியது என்பனவற்றை அறிய, மக்கள் உண்மையில் எழுதியவற்றைப் பெருந்திரளாகச் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாறு சேர்த்த தொகுப்பை மொழியியலார் தரவகம் என்பர். இன்றைய எழுத்துத் தமிழுக்கான தரவகம் மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. பழந்தமிழுக்கோ, திருப்பதி மாணவர்களின் அருகிலேயே ஒரு பெருந்தரவகத்திற்கான மூலப்பொருள் கல்லில் நிற்கிறது.

திருமலை, திருப்பதி, திருச்சானூர் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தேவஸ்தானம் அவற்றை 1930களில் ஆறு தொகுதிகளாக அச்சிட்டது. அவற்றைப் படித்துத் தொகுக்கும் பணியில் சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதன்மையாக ஈடுபட்டார். முதல் தொகுதியில் பழைய கல்வெட்டுகள் உள்ளன. பின்வருவன சாளுவ நரசிம்மர் காலம், கிருஷ்ணதேவராயர் காலம் என ஆட்சி முறையே அமைந்துள்ளன. சொல்வழக்கின் மாற்றத்தை ஆராய்வோருக்கு இந்தக் காலப் பகுப்பு கைமேற் கிடைத்த உதவியாகும்.

இத்தொகுதிகளைக் கணினியில் ஏற்றிப் ‘படி’ என்று தேடுவதாகக் கொள்வோம். முதலிற் கிடைப்பது தொடரடைவு. அதில் தேடிய சொல் ஒவ்வொரு வரியின் நடுவிலும் நிற்க, முன்னும் பின்னும் வரும் சொற்கள் இருபுறமும் காட்டப்படும். முதல் இடரும் அங்கேயே தோன்றும். ‘படிக்கும் மாணவன்’ என்பதில் உள்ள ‘படிக்கும்’ வினை. ‘அமுதுபடிக்கும் விளக்குக்கும்’ என்பதிலோ அது நான்காம் வேற்றுமையும் உம்மும் ஏற்ற பெயர். எழுத்து ஒன்றே, கணினி இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடும். ‘படிகம்’, ‘படிமம்’ போன்ற தொடர்பற்ற சொற்களும் வலையில் விழும். கல்வெட்டில் சொற்களுக்கிடையே இன்றுபோல் இடைவெளி கிடையாது. பதிப்பித்தவர் பிரித்ததே நாம் காணும் பிரிப்பு. ஆகவே எண்ணிக்கைக்கு முன் ஒரு நூறு வரிகளையேனும் கண்ணால் படித்துத் தரம் பிரிப்பது இன்றியமையாதது. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் அதைத் தவிர்த்தவரின் எண்கள் நம்பத்தக்கன அல்ல.

பிரித்த பின் ‘அமுதுபடி’ வரிகளை மட்டும் நோக்கினால், அதன் அண்டைச் சொற்கள் தெளிவாகத் தெரியும். நெய், பயறு, சர்க்கரை, மிளகு என்பன ஒருபுறம். மரக்கால், நாழி, உழக்கு, பலம் என்னும் அளவுகள் மறுபுறம். அப்பப்படி, அதிரசப்படி என்னும் உறவினரும் உடன் வருவர். அகராதியைத் திறவாதவனும் இங்குப் படி என்பது ஏறும் படியன்று, இறைவனுக்குப் படைக்கும் உணவுக்கென அளந்து கொடுக்கும் பண்டம் என உணர்வான். இவ்வாறு சில சொற்கள் தம்முள் கூடி வருவதைச் சொற்சேர்க்கை என்பர்.

இரு சொற்கள் அருகருகே வந்தாலே அது சொற்சேர்க்கை ஆகிவிடுமா? ஆகாது. ‘திரு’ என்பது கோயிற் கல்வெட்டில் எங்கும் நிறைந்த சொல். எச்சொல்லின் அருகிலும் அது நிற்கும். எனவே தற்செயலாக எத்தனை முறை அருகில் வரக்கூடும் எனக் கணக்கிட வேண்டும். விளக்கத்திற்காகச் சில எண்களைக் கற்பனையாகக் கொள்வோம். தரவகத்தில் மொத்தம் 1,00,000 சொற்கள். ‘அமுதுபடி’ 100 முறையும் ‘நெய்’ 300 முறையும் வருகின்றன. ஒவ்வோர் அமுதுபடிக்கும் முன் ஐந்து, பின் ஐந்து எனப் பத்து இடங்கள். ஆக 1,000 இடங்கள். நூறாயிரத்திற்கு 300 நெய் என்றால், ஆயிரத்திற்குத் தற்செயலாக எதிர்பார்க்கத் தக்கது 3. உண்மையில் 60 கிடைத்தால், அது எதிர்பார்ப்பைப் போல் இருபது மடங்கு. அங்கே உறவு உண்டு. ‘திரு’ இன்னும் மிகுதியாகக் கிடைத்தாலும், அதன் எதிர்பார்ப்பும் அதே அளவு என்றால் அதனால் அறிவது ஒன்றுமில்லை.

காலமாற்றத்தை அளக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். ஒரு தொகுதியில் 20,000 சொற்களுள் ‘அமுதுபடி’ 10 முறை, மற்றொன்றில் 60,000 சொற்களுள் 90 முறை வருவதாகக் கொள்வோம். ஒன்பது மடங்கு பெருகியது எனச் சொல்லத் தோன்றும். ஆயிரம் சொற்களுக்கு எத்தனை என வகுத்தால் முன்னது 0.5, பின்னது 1.5, பெருக்கம் மூன்று மடங்கே. அந்த 90உம் எத்தனை கல்வெட்டுகளில் பரவியுள்ளன என்பதையும் பார்த்தல் வேண்டும். ஒரே கொடையாளியின் நீண்ட கல்வெட்டில் அச்சொல் முப்பது முறை வந்திருக்கலாம்.

திருமலையில் பழைய கொடைகளுள் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கானவை சிறப்பிடம் பெறுகின்றன. விசயநகர ஆட்சிக் காலத்தில் உணவுப் படையலுக்கான கொடைகள் பெருகுகின்றன. அவற்றோடு படி என முடியும் சொற்களும் பெருகுகின்றன. இதனால் பிற்காலத்தில் விளக்கெரியவில்லை என்று முடிவு செய்தல் பிழை. சுவர் கூறுவது எதற்காகக் கொடை பொறிக்கப்பட்டது என்பதை மட்டுமே.

இத்தகைய எண்ணிக்கை புதியதன்று. நொபுரு கராசிமா என்னும் ஜப்பானிய வரலாற்றறிஞரும் எ. சுப்பராயலு, தோரு மத்சுய் ஆகியோரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு 1978இல் ஓர் அடைவு வெளியிட்டனர். சோழர் காலத்தை நான்காகப் பகுத்து எண்ணியபோது, ‘மூவேந்தவேளான்’ என்னும் பட்டம் இராசராசன் காலம் தொடங்கிய இரண்டாம் பகுதியில் ஓங்கிப் பின்னர்த் தேய்ந்தது புலப்பட்டது.

இனி, விடுப்பு விண்ணப்பத்தின் சொல்லுக்கு வருவோம். திருமலைக் கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில் ‘இப்படிக்கு’ என்று தொடங்கி, கோயில் கணக்குத் திருநின்றவூருடையான் எழுத்து என முடியும் வாய்பாடு காணப்படுகிறது. அங்கு அதன் அண்டையர் ‘கணக்கு’, ‘பணி’, ‘எழுத்து’ ஆகியோர். இன்றைய கடிதத்தில் அதன் அண்டையர் ‘தங்கள்’, ‘அன்புள்ள’, ‘மாணவன்’. அமுதுபடி அன்றாடப் பேச்சிலிருந்து விலகிவிட்டது. இப்படிக்கு என்பதோ கல்லிலிருந்து தாளுக்கு வந்து, சித்தூர்ப் பள்ளி மாணவன் கையிலும் தன் பழைய இடத்திலேயே, எழுத்தின் அடியிலேயே நிற்கிறது.

பயிற்சி

1. இப்பாடத்தில் ‘படி’ என்னும் வடிவம் வரும் வரிகளைத் தொடரடைவாக எழுதுக. பெயர், வினை எனப் பிரித்து, ஐயத்திற்குரியவற்றைத் தனியே குறிக்க.

2. ஒரு தரவகத்தில் 50,000 சொற்கள். ‘விளக்கு’ 200 முறையும் ‘நந்தா’ 40 முறையும் வருகின்றன. ‘நந்தா’ என்பதை அடுத்த ஓர் இடத்தில் மட்டும் ‘விளக்கு’ தற்செயலாக எத்தனை முறை வரக்கூடும்? உண்மையில் 38 முறை வந்தால் அதனால் அறிவது யாது?

3. வீட்டில் உள்ள பழைய தமிழ்க் கடிதம் ஒன்றின் முடிவுரையையும் அண்மையில் எழுதிய ஒன்றன் முடிவுரையையும் ஒப்பிட்டு, ‘இப்படிக்கு’ என்பதன் அண்டைச் சொற்களைப் பட்டியலிடுக.